இருபது காசு இடைவெளி

லப்பைகுடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் காலை டீக்கடையில் சின்ன வெங்காய விலைக்கு முன்னால் காதில் விழுவது திர்ஹம் ரேட். பெரம்பலூர் மாவட்டத்தின் இந்த ஊர்களில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஓர் ஆள் இல்லாத தெரு குறைவு. அரியலூர் பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று போனாலும் இதே கதைதான். மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியும் கைவிட்ட வருடங்களில் வீட்டைத் தாங்கியது வெளிநாட்டுச் சம்பளம். அந்தச் சம்பளத்தைச் சுற்றி, பத்துப் பதினைந்து வருடங்களாக இன்னொரு வழக்கமும் நடந்துவருகிறது. அங்கே வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுப்பது, அதை ஊருக்கு அனுப்பி இங்கே என்.ஆர்.இ. டெபாசிட்டில் கூடுதல் வட்டிக்குப் போடுவது, நடுவில் நிற்கும் வித்தியாசத்தை லாபமாக எடுத்துக்கொள்வது.

டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் கோடிக்கணக்கான டாலரில் இதைச் செய்கிறவர்கள் இதற்கு கேரி டிரேடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வட்டி குறைவாக இருக்கும் நாட்டுப் பணத்தில் கடன், வட்டி அதிகமாக இருக்கும் நாட்டுப் பணத்தில் முதலீடு. அவர்களுக்கும் நம் ஊர் ஃபோர்மேனுக்கும் தொகையில்தான் வேறுபாடு. சறுக்குகிற இடம் இருவருக்கும் ஒன்றே. அந்த இடத்தை 2013 மே முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்றரை மாதங்களில் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

நம் கிராமங்களுக்கு இதன் பாதிக் கணக்கு புதிதல்ல. விவசாய நகைக்கடன் என்று வங்கியில் 7 சதவீதத்துக்கு வாங்கி, வெளியே நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு, அதாவது வருடத்துக்கு 24 சதவீதத்துக்கு விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதில் வாங்கினவன் திருப்பித் தருவானா என்பது ஒன்றுதான் பயம். வாங்கியதும் ரூபாய், கட்ட வேண்டியதும் ரூபாய். கேரி டிரேடில் வங்கி ஏமாற்றாது, வட்டி தேதி தவறாமல் ஏறும். ஆனால் கடன் ஒரு பணத்தில் இருக்கிறது, முதலீடு வேறொரு பணத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மாற்று விலையைப் பற்றி யாரும் யாருக்கும் உத்தரவாதம் தரவில்லை.

ஒன்பது சதவீதம் வந்த கதை

2011 டிசம்பர் வரை என்.ஆர்.இ. டெபாசிட்டுக்கு வங்கிகள் எவ்வளவு வட்டி தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருந்தது. அது சர்வதேசச் சந்தையின் டாலர் வட்டியோடு கட்டப்பட்டிருந்ததால், 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது. அந்த ஆண்டு ரூபாய் தொடர்ந்து இறங்கியது. வெளிநாட்டிலிருந்து பணத்தை இழுக்க வேண்டிய கட்டாயத்தில், டிசம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி வரம்பை எடுத்துவிட்டது. சில நாட்களுக்குள் பல வங்கிகள் 9 சதவீதத்தையும் அதற்கு மேலும் அறிவித்தன. அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரியும் கிடையாது. பெரம்பலூர், அரியலூர் கடைத்தெருக்களில் உள்ள கிளைகளுக்கு இது பெரிய அறுவடைக் காலம். வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் கணக்கு தொடங்கச் சொல்லி வீடு தேடி வந்தார்கள்.

அதே சமயம் அமெரிக்காவில் மத்திய வங்கியின் வட்டி பூஜ்யத்துக்கும் 0.25 சதவீதத்துக்கும் இடையில் கிடந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட பணம். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது பல ஆண்டுகளாக மாறாத விலை. ஆகவே திர்ஹமில் கடன் வாங்குவது டாலரில் கடன் வாங்குவதுதான். சம்பளம் எந்த வங்கிக்கு வருகிறதோ அந்த வங்கியே கூப்பிட்டுக் கடன் கொடுத்தது. 2011-இல் அமீரக மத்திய வங்கி போட்ட விதிப்படி, சம்பளத்தைப் போல 20 மடங்கு வரை தனிநபர் கடன் கிடைக்கும். அதை 48 மாதங்களுக்குள் கட்டி முடிக்க வேண்டும்.

அங்கே நான்கு, இங்கே ஒன்பது. கேட்டவுடன் ஐந்து சதவீதம் சும்மா கிடைப்பதுபோல் தோன்றும். அந்த ‘நான்கு’ என்ன நான்கு என்று பார்த்தாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

கடன் ஏஜென்ட் காகிதத்தில் எழுதித் தருவது பெரும்பாலும் ஃபிளாட் ரேட். 50,000 திர்ஹம் கடன், 4 சதவீதம் ஃபிளாட், நான்கு வருடம் என்றால், முழு 50,000-க்கும் நான்கு வருடமும் வட்டி போடுவார்கள். வட்டி 8,000 திர்ஹம். மொத்தம் 58,000-ஐ 48-ஆல் வகுத்தால் மாதத் தவணை 1,208 திர்ஹம். ஆனால் நாம் மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருகிறோம். இரண்டு வருடம் கழித்துக் கையில் இருப்பது பாதிக் கடன்தான், வட்டி மட்டும் முழுக் கடனுக்கும் போகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் இந்த ‘நான்கு’ உண்மையில் ஏறத்தாழ ஏழரை சதவீதம். டெபாசிட் வட்டியான ஒன்பதோ முழு ஒன்பது. ஆக, இடைவெளி ஐந்து அல்ல, ஒன்றரை.

இந்த ஒன்றரையைப் பைசாவாக மாற்றிப் பார்க்க வேண்டும். 2013 மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய், திர்ஹம் சுமார் 14 ரூபாய் 70 காசு. ஒரு வருடத்தில் ரூபாய் ஒன்றரை சதவீதம் இறங்கினால், அதாவது திர்ஹம் 14.70-லிருந்து 14.90-ஐத் தாண்டினால், லாபம் முழுவதும் போய்விடும். இருபது காசு. வருடம் முழுவதும் சேர்த்து அவ்வளவுதான் இடம். திர்ஹம் ரேட்டை மொபைலில் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இருபது காசு ஒரு வாரத்திலேயே ஏறி இறங்கும்.

மூன்றரை மாதம்

கணக்குக்காக ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். துபாயில் மாதம் 5,000 திர்ஹம் சம்பளம் வாங்கும் வெல்டிங் ஃபோர்மேன், சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். 2013 மே தொடக்கத்தில் மேற்சொன்ன 50,000 திர்ஹம் கடனை எடுத்து ஊருக்கு அனுப்புகிறார். 7,35,000 ரூபாய் வருகிறது. மொத்தத்தையும் 9 சதவீதத்தில் ஒரு வருட என்.ஆர்.இ. டெபாசிட்டாகப் போடுகிறார். டெபாசிட் ரசீது அப்பாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

மே 22 அன்று வாஷிங்டனில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, மாதந்தோறும் பத்திரங்கள் வாங்கிச் சந்தையில் பணத்தை இறக்குவதை வரும் மாதங்களில் படிப்படியாகக் குறைக்கலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். வட்டியை அவர் உயர்த்தவில்லை. பத்திரம் வாங்குவதை அன்றே குறைக்கவும் இல்லை. குறைக்கலாம் என்றார், அவ்வளவே.

அது போதுமானதாக இருந்தது. ஏனென்றால் நம் ஃபோர்மேன் செய்ததையே பெரிய அளவில் செய்துவைத்திருந்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். கிட்டத்தட்டப் பூஜ்ய வட்டியில் டாலரை வாங்கி, 7 சதவீதத்துக்கு மேல் தரும் இந்திய அரசுப் பத்திரங்களில் போட்டிருந்தார்கள். டாலர் வட்டி ஏறப்போகிறது என்றால் அவர்களுக்கு இடைவெளி சுருங்கும். அதைவிட, மற்றவர்களும் வெளியேறுவார்கள், ரூபாய் விழும் என்ற நினைப்புதான் அவர்களை அதிகம் துரத்தியது. முதலில் போனவர் 55 ரூபாய்க்கு டாலர் வாங்கிக்கொண்டு போனார். அவர் வாங்கியதால் டாலர் 56 ஆனது. 56-ஐப் பார்த்த அடுத்தவருக்கு அவருடைய வருட வட்டியில் ஒரு பங்கு அன்றே கரைந்தது, அவரும் விற்றார். இப்படி ஒவ்வொருவர் வெளியேறும்போதும் மிச்சமிருப்பவரின் நஷ்டம் கூடியது. உள்ளே வரும்போது ஆளுக்கொரு நாளில், வருடக்கணக்கில் வந்தவர்கள் எல்லோருக்கும் வெளியேற ஒரே வாரம்தான் தோதாகத் தெரிந்தது. கேரி டிரேடு மெல்லக் கட்டப்பட்டுத் திடீரெனச் சரிவதற்குக் காரணம் இதுதான். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது, மாற்று விலை ஒரு மதியத்தில் நகர்ந்துவிடுகிறது.

இந்தியா அந்த ஆண்டு குறிப்பாக வலுவிழந்து நின்றதையும் சொல்ல வேண்டும். 2012-13 நிதியாண்டில் நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம். எண்ணெய், தங்கம் உள்ளிட்ட இறக்குமதிகளுக்குக் கொடுத்த டாலர், ஏற்றுமதியிலும் அனுப்பு பணத்திலும் வந்த டாலரைவிட அவ்வளவு அதிகம். அந்தப் பள்ளத்தை வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பணம் நிரப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பியபோது பள்ளம் தெரிந்தது. ஜூலை 15 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகள் தன்னிடம் அவசரக் கடன் வாங்கும் வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தியது. ரூபாயில் வட்டி கூடினால் பணம் தங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தங்கவில்லை. ஒரே மாதத்தில் பத்து சதவீதம் போகும் என்று பயந்து ஓடுகிறவரை வருடத்துக்குக் கூடுதலாக இரண்டு சதவீதம் தருகிறேன் என்று சொல்லி நிறுத்த முடியாது. ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 காசைத் தொட்டது. திர்ஹம் 18 ரூபாய் 70 காசு.

ஃபோர்மேனின் ரசீதுக்கு வருவோம். 7,35,000 ரூபாயை அன்று திர்ஹமாக மாற்றினால் 39,300 திர்ஹம்தான் கிடைக்கும். மூன்று தவணை கட்டிய பிறகும் கடனில் பாக்கி சுமார் 47,300. டெபாசிட்டை உடைத்து முழுவதையும் கொடுத்தாலும் 8,000 திர்ஹம் குறைகிறது, ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இன்னொரு விதி இருக்கிறது: என்.ஆர்.இ. டெபாசிட்டை ஒரு வருடத்துக்கு முன் முடித்தால் வட்டியே கிடையாது. ஒன்பது சதவீதம் என்று போட்டது மூன்றரை மாதத்தில் பூஜ்யம் சதவீதம். முதல் வருடத்தில் அவர் நியாயமாக எதிர்பார்த்திருக்கக்கூடிய லாபம் 750 திர்ஹம் அளவுதான். மாற்று விலையில் போனது 10,700. பதினான்கு வருட லாபம்.

அவர் ஏன் உடைக்க வேண்டும், சம்பளத்திலிருந்து தவணை கட்டிக்கொண்டே டெபாசிட்டை அப்படியே விட்டால் என்ன என்று கேட்கலாம். வேலை இருக்கும்வரை அது சரிதான். அவர் கையில் திர்ஹம் சம்பளம் இருக்கிறது என்பதே டோக்கியோ, நியூயார்க்காரர்களுக்கு இல்லாத பலம். வருடம் முழுவதும் காத்திருந்தால் டெபாசிட் 8,03,000 ரூபாய் ஆகும். 2014 மே தொடக்கத்தில் டாலர் 60 ரூபாய், திர்ஹம் 16.34. மாற்றினால் சுமார் 49,000 திர்ஹம். போட்ட 50,000 கூடத் திரும்பவில்லை, கட்டிய வட்டி தனி. ஆனாலும் அது தாங்கக்கூடிய நஷ்டம்.

தாங்க முடியாதது, ரேட் விழுந்த நேரத்தில் வேலையும் போவது. வேலை முடிந்ததும் கம்பெனி கொடுக்கும் கடைசிப் பணம் சம்பளக் கணக்குக்கு வரும், கடன் கொடுத்த வங்கி அதை நிறுத்திவைக்கும். மீதிக் கடனை முடிக்கச் சொல்லும். வழக்குப் போட்டால் பயணத் தடை வரும், விமான டிக்கெட் கையில் இருந்தாலும் ஊருக்குக் கிளம்ப முடியாது. அப்போது ரசீதை உடைத்தே ஆக வேண்டும், அன்றைய ரேட் என்னவோ அதற்கு. கேரி டிரேடில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் தப்பாகக் கணித்தவர்கள் அல்லர், காத்திருக்க முடியாதவர்கள். ஃபோர்மேனைக் காத்திருக்க விடாதது வேலை. பெரிய முதலீட்டாளரைக் காத்திருக்க விடாதது, விலை இறங்கியதும் கூடுதல் பிணைப்பணம் கேட்கும் தரகு நிறுவனம்.

ஊரில் இதற்கு நேர்மாறான கதைகளும் உண்டு. 2013 ஆகஸ்ட் கடைசியில் ரேட் பதினெட்டரையைத் தாண்டியதைப் பார்த்து, எக்சேஞ்ச் வாசலில் வரிசையில் நின்று, கடன் வாங்கியாவது அனுப்பியவர்களின் கதை. அதே 50,000 திர்ஹத்தை 18.50-க்கு அனுப்பியிருந்தால் 9,25,000 ரூபாய். ஒரு வருடத்தில் 10,11,000. 2014 ஆகஸ்டில் டாலர் அறுபதரை ரூபாய் அளவில் இருந்தது. திருப்பி மாற்றியிருந்தால் 61,000 திர்ஹத்துக்கு மேல். கடன் அதே கடன், வட்டி அதே ஒன்பது, நான்கு மாதம்தான் வித்தியாசம். ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு 11,000 திர்ஹம் கூடுதல். இரண்டு முடிவிலும் வட்டிக்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது. வட்டி வியாபாரம் என்று நினைத்து இவர்கள் செய்தது ரூபாயின் விலை மீது கட்டிய பந்தயம். ஆகஸ்டில் வென்றவரை வைத்து ஊர் பாடம் கற்றுக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். ஜெயித்த கதை கல்யாண வீட்டில் சொல்லப்படும், தோற்ற ரசீது பீரோவிலேயே இருந்துவிடும்.

யார் சுமப்பது

அதே பெரம்பலூர் கிளையில் அதே நாளில் இன்னொரு டெபாசிட்டும் இருந்தது. எஃப்.சி.என்.ஆர். என்பார்கள். டாலராகப் போட்டு டாலராகவே திரும்ப வாங்குவது. ரூபாய் எவ்வளவு விழுந்தாலும் போட்டவருக்கு ஒரு சென்ட் குறையாது. மாற்று விலைச் சுமை வங்கியினுடையது. அதற்கு அப்போது கிடைத்த வட்டி குறைவு, ஓரிரு வருட டெபாசிட்டுக்கு 3 சதவீதத்தை ஒட்டித்தான். ஒன்பது இருக்கும்போது மூன்றை யார் கேட்பார்கள்? கிளையில் அதை எடுத்துச் சொன்னவர்களும் குறைவு. ஆனால் ஒரே வங்கி, ஒரே கூரையின் கீழ், ஒரே ஆளுக்கு, இரண்டு விதமாகக் கொடுக்கிறது. நடுவில் உள்ள ஆறு சதவீதம் எதற்கான கூலி? ரூபாய் விழுந்தால் அந்த நஷ்டத்தை வைத்துக்கொள்ள நாம் சம்மதித்ததற்கான கூலி. கேரி டிரேடில் கிடைக்கும் லாபம் முழுவதும் இந்தக் கூலிதான்.

இந்தச் சுமையைக் கைமாற்றியே 2013-இன் சரிவு நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 4 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், அன்று மாலையே ஒரு சிறப்புச் சாளரத்தை அறிவித்தார். மூன்று வருடத்துக்குக் குறையாத எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் மூலம் வங்கிகள் டாலர் திரட்டிக்கொண்டு வந்தால், அதை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுப்போம், மூன்று வருடம் கழித்து இன்று பேசிய கணக்குப்படியே டாலரைத் திருப்பித் தருவோம், அதற்குக் கட்டணம் வருடத்துக்கு மூன்றரை சதவீதம். சந்தையில் அதே உத்தரவாதத்துக்கு அப்போது ஆறு, ஏழு சதவீதம் ஆகும். மீதியை ரிசர்வ் வங்கி ஏற்றது.

இதன் பிறகு நடந்ததுதான் முழு அளவிலான கேரி டிரேடு. ஃபோர்மேன்களால் அல்ல, வசதி படைத்த வெளிநாட்டு இந்தியர்களால். உதாரணமாக, ஒருவர் தன் கைப்பணம் ஒரு லட்சம் டாலர் வைக்கிறார். வெளிநாட்டு வங்கி ஒன்று அதன் மேல் ஒன்பது லட்சம் டாலரை 3 சதவீதத்துக்குக் கடனாகத் தருகிறது. பத்து லட்சமும் இந்திய வங்கியில் 5 சதவீத எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டாகிறது. வருடத்துக்கு வரும் வட்டி 50,000, கட்டும் வட்டி 27,000. மிச்சம் 23,000 டாலர், கைப்பணத்துக்கு 23 சதவீதம். கடனும் டாலர், டெபாசிட்டும் டாலர் என்பதால் ரூபாய் எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை. நவம்பர் கடைசியில் சாளரம் மூடப்பட்டபோது வங்கிகள் வெளிநாட்டில் நேரடியாக வாங்கிய கடனையும் சேர்த்து சுமார் 3,400 கோடி டாலர் வந்திருந்தது. அதில் 2,600 கோடி டாலர் டெபாசிட்கள். ரூபாய் 62-க்கு அருகே திரும்பியது.

ஏழை, பணக்காரன் என்று பார்த்து யாரும் இந்தத் திட்டத்தைப் போடவில்லை, அவசரத்தில் போட்டது, பலனும் தந்தது. இருந்தாலும் இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை: ஒரு லட்சம் டாலர் வைத்திருந்தவரின் கேரி டிரேடில் ரூபாய் ஆபத்தை நாட்டின் மத்திய வங்கி சுமந்தது, 5,000 திர்ஹம் சம்பளக்காரரின் கேரி டிரேடில் அதை அவரே சுமந்தார்.

மூன்று வருடம் கழித்து, 2016 செப்டம்பர் முதல் நவம்பர் வரை, இந்த டெபாசிட் பணம் முழுவதும் வெளியேற வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து அறுநூறு கோடி டாலர் மூன்று மாதத்தில் வெளியேறுவது, 2013 கோடையில் ரூபாயை உலுக்கிய வெளியேற்றத்துக்குச் சளைத்ததல்ல. ஆனால் எல்லாத் தேதியும் முன்பே தெரியும். கொடுக்க வேண்டிய டாலரை ரிசர்வ் வங்கி முன்பேர ஒப்பந்தங்களில் பல மாதம் முன்பே ஏற்பாடு செய்திருந்தது. பணம் பீதியின்றி வெளியே போனது. பெரிய தொகை ஒரு கேரி டிரேடைக் கவிழ்ப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. காப்பு இல்லாமல், தேதி தெரியாமல், எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதுதான் கவிழ்க்கிறது.

ஒரு திங்கட்கிழமை

தேதி தெரியாமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்ட் 5 உலகத்துக்கே காட்டியது. ஜப்பான் 2016 முதல் 2024 மார்ச் வரை வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே வைத்திருந்தது. அமெரிக்க வட்டி 2024 ஆகஸ்டில் ஐந்தே கால் முதல் ஐந்தரை. யென்னில் கடன் வாங்கி டாலரில் போடுவது உலகின் மிகப் பெரிய கேரி டிரேடாக வளர்ந்தது. யென் பெரும்பாலும் இறங்கிக்கொண்டே இருந்ததால், கடன் வாங்கியவர்களுக்கு வட்டி லாபத்தோடு மாற்று விலை லாபமும் கிடைத்தது. ஜூலை தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 162 யென்.

ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது. ஐந்து சதவீத இடைவெளியில் இது தூசு. ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு மோசமாக வந்தது, டாலர் வட்டி குறையும் என்ற எண்ணம் சேர்ந்துகொண்டது. 160 யென்னில் கடன் வாங்கி ஒரு லட்சம் டாலர் போட்டிருந்தவரை எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு அவருடைய லாபம் 5,000 டாலர். யென் 145 ஆனதும் அதே கடனை அடைக்க 1,10,300 டாலர் வேண்டும். இரண்டு வருட லாபம் போனது. அதில் அவருடைய சொந்தப் பணம் பத்தாயிரம் டாலர்தான் என்றால், அதுவும் முழுவதும் போனது. தரகு நிறுவனம் கேட்ட பிணைப்பணத்துக்காகக் கையில் இருந்த பங்குகளை விற்றார்கள், விற்ற காசில் யென் வாங்கினார்கள், யென் இன்னும் ஏறியது. திங்கட்கிழமை டோக்கியோவின் நிக்கேய் 4,451 புள்ளி, 12.4 சதவீதம் விழுந்தது. 1987-க்குப் பிறகு அவ்வளவு பெரிய ஒருநாள் சரிவு இல்லை. அன்று சென்செக்ஸும் 2,222 புள்ளி இறங்கியது. யென் கடனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடும் பெரம்பலூர் ஆசிரியரின் கணக்கிலும் அன்று அது தெரிந்தது. புதன்கிழமை ஜப்பான் மத்திய வங்கித் துணை ஆளுநர் உசிடா, சந்தை நிலைகுலைந்திருக்கும்போது வட்டியை உயர்த்த மாட்டோம் என்று சொன்ன பிறகு பதற்றம் மேலும் தணிந்தது.

முன்கூட்டியே தெரியுமா

நாள் தெரியாது. அதைச் சொல்கிறேன் என்கிறவரை நம்ப வேண்டாம். நிலைமை தெரியும்.

ரேட் நீண்ட நாள் அசையாமல் இருப்பது ஓர் அறிகுறி. இருபது காசு கூட நகராத மாதங்களில்தான் புதிதாகக் கடன் எடுக்கிறவர்கள் சேர்கிறார்கள். ஜெயித்தவர் கதை அப்போதுதான் பரவும், கடன் தொகையும் அப்போதுதான் பெரிதாகும். 2024 ஜூலையில் யென் விழும் என்று சந்தையில் எடுக்கப்பட்டிருந்த பந்தயங்கள் 2007-க்குப் பிறகு காணாத அளவுக்கு இருந்தன. அடுத்தது, நாட்டுக்கு வரும் டாலருக்கும் போகும் டாலருக்கும் உள்ள பள்ளம். 2013-க்கு முந்தைய ஆண்டில் அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

மூன்றாவதை நம் ஊர்க் கிளையின் வட்டிப் பலகையிலேயே பார்க்கலாம். வெளிநாட்டு டெபாசிட்டுக்கான வட்டி வரம்பை ரிசர்வ் வங்கி திடீரென உயர்த்தினாலோ எடுத்துவிட்டாலோ, டாலர் தேவைப்படுகிறது என்று பொருள், ரூபாய்க்கு அழுத்தம் இருக்கிறது என்று பொருள். 2011 டிசம்பரில் அதைச் செய்தது. 2013 ஆகஸ்டில் எஃப்.சி.என்.ஆர். வரம்பை உயர்த்தியது. 2024 டிசம்பர் 6 அன்று மறுபடியும் உயர்த்தியது, 2025 மார்ச் 31 வரைக்கும் என்று சொல்லி. அன்று டாலர் 85 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. பிப்ரவரியில் 87-ஐத் தாண்டியது. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் திர்ஹம் கடன் வாங்கி ரூபாய் டெபாசிட்டில் போட்டவருக்கு ஏறத்தாழ இரண்டரை சதவீதம் போயிருக்கும், வருட இடைவெளியைவிட அதிகம். கூடுதல் வட்டி அறிவிப்பு வந்ததும் கிளைக்குப் போகிறவர், அது எந்த டெபாசிட்டுக்கு என்று கேட்க வேண்டும். டாலராகத் திரும்புகிற டெபாசிட்டுக்கு என்றால் போடலாம், அதுவும் கைப்பணத்தை. ரூபாயாகத் திரும்புவதற்கு என்றால், அனுப்பும் நாளின் திர்ஹம் ரேட்டையும், கடன் வட்டியை ஃபிளாட்டிலிருந்து உண்மை வட்டிக்கு மாற்றி மிஞ்சும் இடைவெளியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்த இடைவெளி எத்தனை காசு என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.